கரும்பு வெட்டப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

"எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. நானும் என் கணவரும் வருடா வருடம் வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போகிறோம். போன வருடம் சீசன் முடிந்தபோது, நாங்கள்தான் மேஸ்திரிக்குப் பாக்கி என்று கணக்குச் சொன்னார்கள். இப்போது வேறொரு மேஸ்திரி ஒரு லட்சம் முன்பணம் தருவதாகச் சொல்கிறார். நம்பிப் போகலாமா?"
– வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

அன்புச் சகோதரி,

அந்தப் பணத்தில் கை வைப்பதற்கு முன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 2 டன் வெட்டுகிறீர்கள் என்றும், டன்னுக்கு 800 ரூபாய் பேசியிருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சீசன் 100 நாள் என்றாலும், ஆலை பழுதாகி நிற்கும் நாள், வெட்டு உத்தரவு வராத நாள், லாரி வராத நாள், உடம்பு முடியாத நாள் எல்லாம் போக 75 நாள்தான் அரிவாள் ஓடும் என்றால், 150 டன்னுக்கு 1,20,000 ரூபாய் வரும். வேலை இல்லாத நாளிலும் சாப்பிட வேண்டுமே. வாரச் செலவுக்கென்று மேஸ்திரி கொடுக்கும் பணம் நாளுக்கு 300 ரூபாய் என்றால், 100 நாளுக்கு 30,000 ஆகிவிடும். அதோடு ஒரு லட்சம் முன்பணத்தையும் சேர்த்தால் உங்கள் பற்று 1,30,000. வெட்டுக்கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் கணக்கில் ஏறினாலும், மேஸ்திரியின் கமிஷனைக் கழிக்காமலேயே, 10,000 ரூபாய் கடனோடுதான் ஊர் திரும்புவீர்கள். போன வருடம் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே, பெரிய முன்பணம் தருகிறவர் நல்ல மேஸ்திரி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்தக் கணக்கின்படி 40,000 ரூபாய்க்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது. சீசன் பாதி ஆவதற்குள் அது கழிந்துவிடும். அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டிய கூலி.

அடுத்தது எடை. நீங்கள் தோட்டத்தில் வெட்டி, சோகை உரித்து, கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றிவிடுகிறீர்கள். எடை போடுவதோ உங்கள் கண்ணுக்கு எட்டாத ஆலை எடைமேடையில். பாரத்தோடு ஒரு முறையும் இறக்கிய பின் ஒரு முறையும் வண்டியை நிறுத்துப் பார்த்து, கிடைக்கும் வித்தியாசத்தைச் சீட்டில் போட்டுக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு மேஸ்திரியின் சட்டைப் பையோடு நின்றுவிட்டால், எத்தனை டன் என்று அவர் சொல்வதுதான் கணக்கு. ஒரு பெண் தன் பிள்ளையின் பழைய பள்ளி நோட்டில் தேதி, விவசாயியின் பெயர், வண்டி எண், எத்தனை டன் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே வண்டி மற்ற நாட்களில் 17, 18 டன் ஏற்றியிருக்க, இரண்டு நாளுக்கு மட்டும் 14 என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு நாளுக்கும் சீட்டைக் காட்டுங்கள் என்று அவர் கேட்ட பிறகுதான் கணக்கு திருத்தப்பட்டது. நீங்களும் போவதற்கு முன்பே, ஒவ்வொரு லோடுக்கும் எடைச்சீட்டைப் போனில் படம் எடுத்துத் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் போகவே வேண்டாம்.

கூலி யார் கையிலிருந்து, எப்போது வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் ஆலை விவசாயிக்குப் பணம் தர வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. நடப்பில் அது பல மாதம் இழுக்கிறது. "ஆலையில் பணம் வரட்டும், தருகிறேன்" என்று பேசி வைத்தால், அந்தத் தாமதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். 15 நாளுக்கு ஒரு முறை கணக்கு முடித்து, கழித்த முன்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று உங்கள் நோட்டிலேயே மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காற்றில் சாய்ந்து பின்னிக் கிடக்கும் கரும்பை வெட்ட இரு மடங்கு நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குத் தனி விலையை முதலிலேயே பேசுங்கள். ஜோடிக் கூலி என்று மொத்தத்தையும் கணவர் பெயரில் எழுதுவது வழக்கமாக இருக்கிறது. பாதி டன்னை வெட்டியவர் நீங்கள். உங்கள் பெயரும் கணக்கில் தனியாக இருக்க வேண்டும்.

போன வருடப் பாக்கியைச் சொல்லி, வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று பழைய மேஸ்திரி தடுத்தால், அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கொத்தடிமையாக இருந்தீர்கள் என்று விசாரணையில் தெரிந்தால் விடுவிப்புச் சான்று தருவார்கள். அந்தக் கடனை நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை.

புது மேஸ்திரியைப் பற்றி அவரிடமே விசாரிப்பதில் பயனில்லை. போன சீசனில் அவரோடு போன குடும்பங்களில் இரண்டைத் தேடிப் போய், திரும்பி வரும்போது கையில் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று கேளுங்கள். போன பிறகும், முதல் 15 நாள் கணக்கை அவர் எழுதித் தராவிட்டால் உடனே திரும்பி வாருங்கள். முன்பணம் குறைவாக வாங்கியிருந்தால் அதற்குள் ஒரு பகுதி கழிந்திருக்கும். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது உங்களால் ஆகிற காரியமாக இருக்கும்.