விட்டுவைத்த முடிச்சும் விட்டுப்போன முடிச்சும்

கேள்வி: நான் எழுதியிருக்கும் 42 அத்தியாய நாவலைப் படித்த இரு நண்பர்கள், மூன்று விஷயங்கள் முடியாமல் நிற்கின்றன என்கிறார்கள். வீட்டை விட்டுப் போன அண்ணன் கடைசிவரை திரும்புவதில்லை. பாட்டியின் பெட்டியில் கிடைக்கும் கடிதத்தை எழுதியவர் யார் என்று தெரிவதில்லை. கூட்டுறவு வங்கியிலிருந்து வரும் ஏல நோட்டீஸ் பிறகு பேசப்படுவதே இல்லை. முதலாவதை வேண்டுமென்றேதான் விட்டேன். மற்ற இரண்டைப் பற்றி எனக்கே நிச்சயமில்லை. எதை முடிக்க வேண்டும், எதை அப்படியே விடலாம் என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: எழுதியவரின் நோக்கம் வாசகருக்குத் தெரியாது, அவர் கையில் இருப்பது புத்தகம் மட்டுமே. ஆகவே “நான் வேண்டுமென்றே விட்டேனா?” என்று உங்களையே கேட்டுக்கொள்வதைவிட, “இந்தக் கேள்வி முடியாமல் நிற்கிறது என்பது நாவலுக்குத் தெரிந்திருக்கிறதா?” என்று பிரதியிடம் கேட்பதே பயன் தரும். நாவலுக்குத் தெரிந்திருந்தால் அதற்கான தடயம் பக்கங்களில் இருக்கும். கேள்வி எழுந்த பிறகும் யாரேனும் அதை நினைப்பார்கள், அதற்காக எதையாவது இழப்பார்கள், அதற்கு இருக்கக்கூடிய விடைகளை வாசகர் ஊகிக்கும்படி கதையும் போதிய பொருளைத் தந்திருக்கும். மறந்துபோன கிளைக்கதையில் இவற்றில் எதுவும் இராது. ஓர் அத்தியாயத்தோடு அது நின்றுவிடும். அதை அறிந்த பாத்திரங்களும் அப்படி ஒன்று நடக்காததுபோலவே நடந்துகொள்வார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறக்கும் இடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. கொன்ற கை எது என்பதை நாம் பார்ப்பதில்லை. ஆனால் அந்த இருட்டைச் சுற்றிக் கல்கி எவ்வளவு எழுதியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த அறையிலும் அதையொட்டியும் யார் யார் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன காரணம் இருந்தது என்பதெல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து அவன் சிறைப்படுகிறான். அவனைக் காப்பாற்ற மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் சாவதற்கு முன் அந்தப் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார். விடை கிடைக்காமையே கதையை முன்னே தள்ளுகிறது. ‘யார் கொன்றது?’ என்று வாசகர் கேட்பதற்கு முன்பே கதைமாந்தர் கேட்டுவிடுகிறார்கள்.

அந்த இருட்டு வைக்கப்பட்ட இடமும் பொருத்தமானது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. அவர்களுக்குப் பின்னால் வேறு யாரும் இருந்தார்களா என்று சொல்வதில்லை. வரலாறு பேசாத இடத்தில்தான் நாவலும் மௌனம் காக்கிறது. இத்தனை செய்தும் நாவல் சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைபட்டார்கள். அதற்காகக் கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. திறந்த முடிவு எவ்வளவு கவனமாக அமைந்தாலும் சிலருக்கு நிறைவு தராது என்பதை நீங்களும் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே நண்பர் ஒருவர் குறை சொன்னார் என்பதை மட்டும் வைத்து எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரானது, ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ என்னும் 1939ஆம் ஆண்டுத் துப்பறியும் நாவல். அதில் ஒரு கார் ஓட்டுநர் காரோடு கடலிலிருந்து மீட்கப்படுகிறான். கொலையா, தற்கொலையா என்ற பேச்சு எழுகிறது; பிறகு கதை வேறு பக்கம் போய்விடுகிறது. படமாக்கியவர்கள் அவனைக் கொன்றது யார் என்று தந்தியடித்துக் கேட்டார்கள் என்றும், தனக்கும் அது தெரியவில்லை என்றும் சாண்ட்லரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முன்பு தாம் எழுதிய சிறுகதைகளை இணைத்து அவர் அந்த நாவலை உருவாக்கினார். தையல் போட்ட இடங்களில்தான் இப்படி நூல் பிரியும். உங்கள் நாவலிலும் வெவ்வேறு காலத்தில் எழுதிச் சேர்த்த பகுதிகள் இருந்தால் அவற்றின் விளிம்புகளை முதலில் பாருங்கள். ஆயினும் அந்த ஓட்டுநரால் நாவல் கெட்டுவிடவில்லை. அவனுக்காக ஏங்கும் மனிதர் யாரையும் கதை நம்மிடம் ஆழமாகப் பழக்கவில்லை என்பதால், பெரும்பாலான வாசகர்கள் அவனை மறந்தே படித்து முடிக்கிறார்கள். ஒரு முடிச்சின் எடை அதற்குக் கொடுத்த பக்கங்களையும் அதில் பட்ட மனத்தையும் பொறுத்தது. எடை குறைந்ததை அப்படியே விட்டாலும் பெரிய நட்டமில்லை.

இனி உங்கள் நாவலுக்கு வருகிறேன். ஒரு தாளில் மூன்று இழைகளையும் எழுதி, ஒவ்வொன்றும் எந்தெந்த அத்தியாயத்தில் பேசப்படுகிறது, பேசுபவர் யார் என்று குறித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய அத்தியாயச் சுருக்கத்தைக் கொண்டு நானும் அப்படியே செய்து பார்த்தேன்.

அண்ணன் 11ஆம் அத்தியாயத்தில் போகிறான். 15, 23, 30, 41 ஆகிய அத்தியாயங்களில் அம்மா இரவில் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாள். தங்கையின் திருமணப் பேச்சு அவன் வராததால் தள்ளிப்போகிறது. இந்த நாவலுக்குத் தன் கேள்வி தெரிந்திருக்கிறது. இதைத் தொடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அவன் வருவதுபோல ஒரு குறிப்பைச் சேர்த்தாலும், அந்தத் தட்டுகளுக்கு இதுவரை இருந்த பொருள் போய்விடும்.

ஏல நோட்டீஸ் 8ஆம் அத்தியாயத்தோடு சரி. ஆனால் 19இல் அதே வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், 27இல் அதே வீட்டில் வளைகாப்பு நடக்கிறது. ஏலத்துக்கு வர இருக்கும் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கவலை இல்லை என்பதை நம்ப முடியாது, இது மறதிதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நோட்டீஸால் கதையில் வேறெதுவும் நிகழவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். அப்பாவின் அவமானத்தைக் காட்ட அந்தக் காட்சி தேவை என்றால், வெள்ளையடிக்கும் அத்தியாயத்திலேயே, நிலத்தின் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்தார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பணம், நோட்டீஸ், வழக்கு போன்றவற்றுக்குத் தவணை நாள் உண்டு. அந்த நாள் கதைக்குள் வந்துபோகும்போது அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதை வாசகர் பிழையாகவே எடுத்துக்கொள்வார்.

கடினமானது கடிதம்தான். 6ஆம் அத்தியாயத்தில் கிடைக்கிறது, 9இல் ஒருமுறை படிக்கப்படுகிறது, பிறகு 40இல் எரிக்கப்படுகிறது. எரிப்பது நீங்கள் அதை மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது; ஆனால் நடுவே 30 அத்தியாயங்கள் வெறுமையாக இருப்பதால், கடைசியில் அவசரமாக ஒதுக்கியதுபோலத் தோன்றுகிறது. முடிவில் மட்டும் ஒரு வரி சேர்த்து மறதியைத் திட்டமிட்ட மௌனமாக மாற்ற முடியாது. மாற்ற வேண்டிய இடம் நடுப்பகுதி. எழுதியிருக்கக்கூடியவர்கள் என்று இரண்டு பேரையாவது வாசகர் எண்ணும்படி 15க்கும் 35க்கும் இடையே இரண்டு மூன்று தடயங்களை வையுங்கள். ஒருவரின் கையெழுத்து, பாட்டி ஒரு பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுவது போன்ற சிறியவையே போதும். அதற்கு முன் யார் எழுதியது என்பதை உங்களுக்குள் உறுதி செய்துகொள்ளுங்கள். விடையை அறிந்து மறைப்பவருக்கு எந்தத் தடயத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பது தெரியும். அறியாமல் மறைப்பவரின் தடயங்கள் ஒன்றோடொன்று முரண்படும். உங்களுக்கே விடை பிடிபடவில்லை என்றால், கடிதத்தை எழுதியவரின் பெயரோடு 9ஆம் அத்தியாயத்திலேயே வெளிப்படுத்திவிட்டு, அதைப் படித்த பேத்தி பாட்டியிடம் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதை எழுதுங்கள்.