கடைசிச் சண்டையில் மோர்டின் சாவது ஏன்?

“மாஸ் எஃபெக்ட் 2 வீடியோ கேம்ல பத்துப் பேரோட விசுவாசப் பணியையும் முடிச்சாச்சு, கப்பலையும் மேம்படுத்தியாச்சு. காரஸையும் கிரண்டையும் கூட்டிட்டு கடைசிச் சண்டைக்குப் போனா, மோர்டின் மட்டும் செத்துடறார். ஏன்?”

அந்த இருவரையும் உடன் அழைத்துச் செல்லாமல், கதவைக் காக்கும் அணியில் விட்டுவிடுங்கள்.

பின்தங்கிக் காவல் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் திரையில் காட்டப்படாத ஒரு மதிப்பெண் உண்டு. காரஸுக்கும் கிரண்டுக்கும் தலா 4, மோர்டின், டாலி, ஜேக் ஆகியோருக்கு 1, உங்கள் பத்துப் பேரில் மற்றவர்களுக்கு 2. சராசரி 2-க்குக் குறைந்தால் உயிரிழப்பு நேரும், இறப்பவர் வரிசையில் மோர்டினே முதலில் நிற்கிறார். உங்கள் அணியில் எஞ்சிய எட்டுப் பேரின் கூட்டுத்தொகை 13, சராசரி 1.6 மட்டுமே.

கிருஷ்ணகிரியில் நானும் என் தம்பியும் முதல் ஆட்டத்தில் மோர்டினை மீட்கப்பட்ட பணியாளர்களுடன் கப்பலுக்கு அனுப்பிக் காப்பாற்றினோம், சராசரி சுமார் 1.7 மட்டுமே ஆனதால் அடுத்து டாலி இறந்தாள், அது இன்றும் மனதில் நிற்கிறது.

கடைசி உரைக்கு முந்தைய சேமிப்பைத் திறந்து, மோர்டினையும் டாலியையும் உடன் அழைத்துச் சென்று பாருங்கள். அப்போது எட்டுப் பேரின் கூட்டுத்தொகை 19 ஆகி, சராசரி 2.3-ஐத் தாண்டும்.

விசுவாசம் இல்லாதவருக்கு மதிப்பெண்ணில் 1 குறையும் என்பதாலும், மிராண்டாவைத் தவிர அத்தகைய வேறு எவரையும் இறுதிச் சண்டைக்கு அழைத்துச் சென்றால் அவரே இறப்பார் என்பதாலும், குழுப் பட்டியலில் ஒவ்வொருவரின் விசுவாசத்தையும் முதலில் சரிபாருங்கள். மிராண்டாவுக்கும் ஜேக்குக்கும் நடந்த சண்டையில் ஒருவர் பக்கம் சாய்ந்திருந்தால், மற்றவரின் விசுவாசம் போயிருக்கக்கூடும்.