ரெசிடென்ட் ஈவில் 2: படத்தில் தெரியும் புள்ளிகளும் கலங்கலும் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி: ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கைக் கணினியில் விளையாடுகிறேன். இருட்டான இடங்களில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, திரும்பும்போது கலங்கிவிடுகிறது. புளூம், மோஷன் பிளர், பிலிம் கிரெயின் மூன்றையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

பிலிம் கிரெயினையும் மோஷன் பிளரையும் தாராளமாக அணைத்துவிடலாம். புளூமை மட்டும் விட்டுவையுங்கள். ஆனால் 2019-இல் வெளிவந்த இந்த விளையாட்டில் கண்ணுக்குப் படும் புள்ளிகள் எல்லாமே பிலிம் கிரெயினால் வருபவை அல்ல. ஆகவே மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒன்றை மாற்றி, அதே இடத்தில் நின்று பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுவது நல்லது.

கிராஃபிக்ஸ் மெனுவில் பிலிம் கிரெயினின் பெயர் Film Noise. வரைந்து முடித்த படத்தின் மேல் விளையாட்டே தூவும் செயற்கைப் புள்ளிகள் இவை. ஒவ்வொரு பிரேமிலும் இவை மாறிக்கொண்டே இருப்பதால், நீங்கள் அசையாமல் நின்றாலும் வெற்றுச் சுவரின் மேல் மெல்ல ஊர்வது போலத் தெரியும். காவல் நிலையத்தின் இருண்ட தாழ்வாரம் ஒன்றில் டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் பாய்ச்சி, இதை அணைத்தும் இயக்கியும் பாருங்கள். சுவர் தெளிந்துவிட்டது, ஆனால் பளபளப்பான தரையிலோ தேங்கிய நீரிலோ மட்டும் புள்ளிகள் எஞ்சி நிற்கின்றன என்றால், அவை Screen Space Reflections என்ற பிரதிபலிப்பு அமைப்பினால் வருபவை. அதை அணைத்தால் மறையும், பிரதிபலிப்பும் அதோடு குறைந்துபோகும். தலைமுடியின் ஓரங்கள் மட்டும் சொரசொரப்பாக இருந்தால் Anti-Aliasing வரியைப் பாருங்கள். முடி இழைகளை விளையாட்டு இடைவெளி விட்ட புள்ளிகளாக வரைந்து, அந்த வரியில் TAA என்று இருக்கும் டிஏஏ மூலம் அடுத்தடுத்த பிரேம்களைக் கலந்தே அவற்றை மென்மையாக்குகிறது. கூர்மை வேண்டும் என்று டிஏஏவை விலக்குபவர்கள் நாயகன் லியோனின் தலையில் மணலைக் கொட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். படம் முழுவதுமே மங்கலாகவோ கோடு கோடாகவோ இருந்தால், Image Quality 100 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா, Rendering Mode என்பது Interlaced-இல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவ்விரண்டும் சரியாக இல்லாத வரை மற்ற மாற்றங்களால் பெரிய பயன் இருக்காது.

பிலிம் கிரெயினை அணைப்பதால் ஒரு பக்கவிளைவும் உண்டு. சாதாரண 8 பிட் திரையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே இருக்கின்றன. இருண்ட காட்சி அவற்றில் அடியிலுள்ள சிலவற்றை மட்டுமே பயன்படுத்துகிறது. அதனால் டார்ச் வெளிச்சம் இருளில் கரையும் விளிம்பில் வளையம் வளையமாகப் பட்டைகள் தெரியக்கூடும். கிரெயின் இருக்கும்போது அந்தப் படிகளின் எல்லை சிதறிப்போவதால் அவை கண்ணில் படுவதில்லை. பட்டைகள் தெரிந்தால், முதலில் மானிட்டரில் இருட்டை வெளுக்கச் செய்யும் அமைப்பு ஏதாவது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து அதைக் குறையுங்கள். அப்படியும் உறுத்தினால், கிரெயினைத் திரும்ப இயக்குவதில் தவறில்லை.

திரும்பும்போது வரும் கலங்கலுக்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. மவுஸை வேகமாகத் திருப்பிக்கொண்டே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதில் சுவரும் கதவும் இழுபட்டுத் தெரிந்தால் மோஷன் பிளர் வேலை செய்கிறது, அணைத்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட் தெளிவாக இருந்தும் கண்ணுக்குக் கலங்கலாகவே தெரிந்தால், காரணம் உங்கள் மானிட்டர். விளையாட்டின் மெனுவில் அதற்கு மருந்து இல்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு பிரேமையும் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. காட்சி விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும்போது, அதைத் தொடரும் கண்ணுக்கு 16 பிக்சல் அகலத்துக்கு இழுபட்டது போலத் தோன்றும். 120 ஹெர்ட்ஸில் அத்தனை பிரேம்களும் கிடைத்தால் அது பாதியாகும். உங்கள் கணினியால் 30 பிரேம்தான் தர முடிகிறது என்றால் மட்டும் மோஷன் பிளரை அணைக்கத் தயங்குவேன், ஏனெனில் அந்த வேகத்தில் பிரேமுக்குப் பிரேம் தாவுவதை அது ஓரளவு மறைக்கிறது.

புளூமை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், சாதாரணத் திரையால் வெள்ளைக்கு மேல் பிரகாசத்தைக் காட்ட முடியாது. விளக்கும் வெள்ளைத் தாளும் திரையில் ஒரே வெள்ளைதான். எது ஒளிர்கிறது என்பதை, பிரகாசமான பகுதியை மங்கலாக்கிச் சுற்றிலும் கசியவிடும் புளூம்தான் சொல்கிறது. அதை அணைத்துவிட்டுக் காவல் நிலையத்தின் முதன்மைக் கூடத்து விளக்குகளைப் பாருங்கள், ஒட்டி வைத்த வெள்ளை வில்லைகளாகத் தெரியும். அந்தப் பரிமாற்றத்தில் நமக்குக் கிடைக்கும் தெளிவு மிகவும் குறைவு. ஒளிவட்டம் அளவுக்கு மீறித் தோன்றினால், விளையாட்டின் பிரைட்னஸ் அளவை முதலில் சரிசெய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்து அணைக்கலாம். Lens Distortion என்ற வரியில் குரோமாட்டிக் அபெரேஷனும் சேர்ந்திருக்கும் தேர்வு, திரையின் ஓரங்களில் பொருள்களின் விளிம்பைச் சிவப்பும் நீலமுமாகப் பிரிக்கிறது. மூலையில் இருக்கும் கதவுச் சட்டத்தையோ எழுத்தையோ பார்த்துக்கொண்டு அதை மாற்றினால் வேறுபாடு உடனே புரியும்.