செருகினால் லைட்கூட எரியாத பென் டிரைவ்

“கம்ப்யூட்டர் பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை, லைட்டும் எரியவில்லை. எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாம்?”

எதுவும் போடாதீர்கள். டிரைவ் பட்டியலிலேயே வராதபோது சாஃப்ட்வேருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது.

செருகியபடியே இடிபட்டு, யூஎஸ்பி முனையின் கால்களில் ஒன்று போர்டிலிருந்து விட்டிருக்கலாம்.

ஹப் இல்லாமல் வேறு போர்ட்டில் செருகி, விண்டோஸில் `diskmgmt.msc` திறந்து பாருங்கள். `No Media` என்று வந்தால் கன்ட்ரோலருக்கு உயிர் இருக்கிறது, மெமரி சிப்தான் பதில் தரவில்லை. அதைப் பற்றவைத்துச் சரிசெய்வது கடினம். ஒன்றுமே வராவிட்டால் மூடியைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். காலைச் சுற்றிப் பற்றாசில் மயிரிழை விரிசல் தெரிந்தால், மொபைல் சர்வீஸ் கடையில் பற்றவைக்கலாம். அப்புறம் முதல் வேலை நகலெடுப்பதுதான்.

முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு காப்பி எடுக்க முயலாதீர்கள். போர்டில் உள்ள செம்புத் தடம் பிய்ந்துவிடும். முழுதும் ஒரே கறுப்புத் துண்டாக வார்த்த குட்டி டிரைவ் என்றால் கடைக்காரரால் முடியாது, டேட்டா ரெக்கவரி லேப்தான்.