தொலைந்த செக்கை நிறுத்தக் கடிதம்: கேள்வி பதில்

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, கடை வாடகைக்கு எழுதின செக் புறக்கோட்டைக்குப் போற வழியில துலைஞ்சிட்டுது. வங்கிக்குக் கடிதத்தில என்னென்ன எழுதோணும்?

பதில்: முதலில் உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். கடிதத்தை அன்றே கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அதில் மிக முக்கியமானது ஆறு இலக்கக் காசோலை எண். வங்கிக் கணினி அந்த எண்ணைப் பார்த்துத்தான் தடுக்கிறது. அதனால் நினைவிலிருந்து எழுத வேண்டாம், அடிக்கட்டையைப் பாருங்கள். அதை நிரப்பாமல் விட்டிருந்தால், புத்தகத்தில் மிஞ்சிய தாள்களின் எண்களையும் கணக்குக் கூற்றில் ஏற்கெனவே கழிந்த எண்களையும் ஒப்பிட்டால் விடுபட்ட எண் தெரியவரும்.

கடிதம் இவ்வளவு போதும்:

> கிளை முகாமையாளர், …… வங்கி, …… கிளை.
>
> காசோலைக் கொடுப்பனவை நிறுத்தல்
>
> எனது நடைமுறைக் கணக்கு இல. …… இலிருந்து எழுதிய காசோலை இல. 204517 தொலைந்துவிட்டது. காசோலைத் திகதி ……, பெறுநர் ……, தொகை ரூபா 85,000.00. "பெறுநர் கணக்கிற்கு மாத்திரம்" எனக் குறுக்குக் கோடிடப்பட்டது. இதற்குக் கொடுப்பனவு செய்ய வேண்டாம். இன்று மு.ப. 9.40க்குத் தொலைபேசியிலும் அறிவித்தேன். ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருப்பின் உடன் அறியத்தரவும்.

வங்கியில் பதிந்த கையொப்பத்தையே இடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியும் நேரமும் எழுதி முத்திரை வாங்குங்கள். பிறகு தகராறு வந்தால், செக்குக்குப் பணம் கொடுபட்ட நேரத்துக்கு முன் வங்கிக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்த முத்திரைதான் விடை.

கொட்டாஞ்சேனை வாசகர்: போன் பண்ணினாலே போதும் அண்ணா. எனக்கு அப்பிடித்தான் நிறுத்தித் தந்தவை.

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. செக் குறுக்குக் கோடு இல்லாத, கொண்டுவருபவருக்குக் கொடுக்கும் வகையாக இருந்தால், எடுத்தவர் கவுண்டரில் உடனே காசாக்கலாம். அங்கே தொலைபேசிதான் காப்பாற்றும். ஆனால் பொதுவாக வங்கி அதைத் தற்காலிகத் தடையாகவே வைத்துக்கொண்டு, கையொப்பமிட்ட எழுத்தைக் கேட்கும். எழுத்து வராமல் தடை நீங்கினால் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

வேறு வங்கியில் வைப்பிலிட்ட செக் என்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. 2006 முதல் செக்கின் படம்தான் வங்கிகளுக்கிடையே போகிறது. சாதாரணமாக அடுத்த வேலை நாளில் தீர்ந்துவிடும். அந்த இடைவெளியை நம்பி இருக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி வாசகி: எனக்கு ஒருத்தர் தந்த செக்கைத் துலைச்சிட்டன். இந்தக் கடிதத்தை என்ர வங்கிக்குக் குடுத்தாக் காணுமா?

பதில்: காணாது அம்மா. மேலே உள்ள கடிதம் செக்கை எழுதியவருடையது. அவருடைய வங்கி அவர் சொல்லைத்தான் கேட்கும். உங்கள் வங்கியால் அதை நிறுத்த முடியாது. அவருக்கு உடனே சொல்லி, அவரைக்கொண்டு கடிதம் கொடுப்பியுங்கள். முத்திரையிட்ட பிரதியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். காலாவதியாகுமுன் தொலைந்த செக்குக்குப் பதிலாக இன்னொன்று கேட்க சட்டம் இடம் தருகிறது. பழையதால் நட்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற உறுதியை அவர் கேட்கலாம். அவர் மறுத்தால் அது சட்டத்தரணியிடம் போகவேண்டிய விஷயம்.

தெகிவளை வாசகர்: ஒரு இலக்கம் மாறினால் என்ன? பெயரும் தொகையும் சரிதானே?

பதில்: இதில் ஆங்கில நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. 1926இல் ஹில்டன் வழக்கில் வாடிக்கையாளர் தந்தியில் தவறான செக் எண்ணைக் கொடுத்தார். வேறு எண்ணுள்ள உண்மையான செக்குக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டது. வங்கி பொறுப்பல்ல என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. பிழையை உணர்ந்தால் உடனே சரியான எண்ணுடன் இன்னொரு கடிதம் கொடுத்து, முந்தியதைத் திருத்துவதாக அதில் சொல்லுங்கள்.

மருதானை வாசகர்: நிரப்பாத தாள் ஒன்றுதான் காணாமல் போனது. தொகை, பெயர் எதுவும் இல்லையே?

பதில்: அப்படியே எழுதுங்கள்: "நிரப்பப்படாத, கையொப்பமிடாத தாள்." கையொப்பமிட்டிருந்தால் அதை மறைக்க வேண்டாம், ஆபத்து பல மடங்கு. எடுத்தவர் விரும்பிய திகதியைப் போடலாம் என்பதால், செக் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும் என்ற கணக்கு இங்கே உதவாது. தடை காலவரையறை இல்லாததா, புதுப்பிக்க வேண்டியதா என்று கிளையில் கேட்டு, பதிலை அந்தப் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பல தாள்கள் என்றால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டும் போதாது; நடுவில் நீங்களே எழுதிக் கொடுத்த செக் இருந்தால் அதுவும் திரும்பிவிடும். ஒவ்வொரு எண்ணையும் தனியாக எழுதுங்கள். களவு என்று சந்தேகித்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் இணையுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: செக் இப்ப பையில கிடைச்சிட்டுது ஐயா! கொண்டுபோய்க் குடுக்கலாமா?

பதில்: தடை இருக்கும்வரை அது "கொடுப்பனவு நிறுத்தப்பட்டது" என்று திரும்பி வரும், கடைச் சொந்தக்காரருக்கு வீண் சந்தேகம். அதை இரத்துச் செய்து, அடிக்கட்டையில் குறித்துவிட்டு, புதிய எண்ணில் வேறு செக் எழுதுங்கள். தடையை அப்படியே விடுங்கள்.