கரண்ட் விலை ஏறிய மாதத்தில் ஓவர்ஹெட் எக்ஸ்பெண்டிச்சர் வேரியன்ஸ் சாதகமாக வருமா?

கேள்வி: பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வேரியபிள் ஓவர்ஹெட்டை மெஷின் ஹவருக்கு ₹120 என்று ஸ்டாண்டர்ட் வைத்திருக்கிறோம். போன மாதம் ஒரு மெஷினில் நல்ல பீஸ் 1,20,000. அதற்கு 600 மணி போதும், ஓடியது 660 மணி. செலவு ₹75,900. எஃபிஷியன்ஸி ₹7,200 பாதகம், எக்ஸ்பெண்டிச்சர் ₹3,300 சாதகம் என்று வருகிறது. ஆனால் அந்த மாதம் கரண்ட் யூனிட் விலை ஏறியிருந்தது! கணக்கு தப்பா?

பதில்:

கணக்கு சரிதான். 660 மணிக்கு ₹120 வீதம் ₹79,200 ஆகியிருக்க வேண்டும், ஆனது ₹75,900. வித்தியாசம் ₹3,300 சாதகம். 600 மணியில் முடிய வேண்டிய வேலைக்கு 60 மணி கூடுதலாகப் போனது, அதை ₹120-ஆல் பெருக்கினால் ₹7,200 பாதகம். இரண்டையும் சேர்த்தால் ₹3,900 பாதகம். உற்பத்திக்கு அனுமதித்த ₹72,000-க்கும் ஆன செலவுக்கும் உள்ள இடைவெளியும் அதேதான். தேர்வில் இதை எழுதினால் முழு மார்க்.

சிக்கல் இந்த இரண்டு எண்களும் என்ன சொல்கின்றன என்பதில் இருக்கிறது. எஃபிஷியன்ஸி வேரியன்ஸ் என்றதும் கரண்டையோ ஆயிலையோ வீணடித்ததாக நினைத்துக்கொள்வோம். அந்தச் சூத்திரத்துக்குள் கரண்டும் இல்லை, ஆயிலும் இல்லை. மணி மட்டும்தான் இருக்கிறது. ஒவ்வொரு கூடுதல் மணியும் தன்னோடு ₹120 செலவை இழுத்து வரும் என்பது நாம் வைத்துக்கொண்ட அனுமானம். அந்த அனுமானம் எந்த அளவுக்குப் பொய்க்கிறதோ அந்த அளவு தொகை எக்ஸ்பெண்டிச்சர் பக்கம் எதிர்க்குறியோடு வந்து உட்காரும். அதனால் எக்ஸ்பெண்டிச்சர் வேரியன்ஸை வெறும் விலை வித்தியாசமாகப் படிக்கக் கூடாது. யூனிட்டின் விலையும், ஒரு மணிக்கு எத்தனை யூனிட் இழுத்தது என்பதும் அதில் கலந்தே இருக்கும்.

நீங்கள் கமெண்டில் தந்த விவரத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ₹120-இல் கரண்ட் ₹80, அதாவது மணிக்கு 10 யூனிட், யூனிட் ₹8. மீதி ₹40 மோல்டு ஸ்ப்ரே, ஹைட்ராலிக் ஆயில் டாப்-அப், கிரீஸ் போன்றவை. மெஷினின் சப்-மீட்டர் காட்டியது 6,150 யூனிட், சராசரி விலை ₹8.40, ஆக கரண்ட் ₹51,660. மற்றவை ₹24,240.

660 மணிக்கு ஸ்டாண்டர்ட் படி 6,600 யூனிட் இழுத்திருக்க வேண்டும். இழுத்தது 6,150. குறைந்த 450 யூனிட்டுக்கு ₹8 வீதம் ₹3,600 சாதகம். விலை 40 பைசா ஏறியதால் 6,150 யூனிட்டுக்கு ₹2,460 பாதகம். கரண்டில் மட்டும் நிகரம் ₹1,140 சாதகம். மற்றவற்றுக்கு 660 மணி கணக்கில் ₹26,400 அனுமதி, ஆனது ₹24,240, அதில் ₹2,160 சாதகம். இரண்டும் சேர்ந்து உங்கள் ₹3,300. விலை ஏற்றம் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் புதைந்து கிடக்கிறது.

அந்த 450 யூனிட் எப்படி மிச்சமானது? யாரும் மிச்சப்படுத்தவில்லை. சில்லர் சரியாகக் குளிர்விக்காததால் சைக்கிள் டைம் 36 நொடியிலிருந்து 39.6 நொடிக்குப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். 60 மணி அதிகமானதற்குக் காரணம் முழுக்க அதுதான். இரண்டு கேவிட்டி மோல்டு, ஒரு ஷாட்டுக்கு இரண்டு பீஸ், மொத்தம் 60,000 ஷாட். ஒரு ஷாட்டுக்கு 3.6 நொடி கூடினால் 60,000 ஷாட்டுக்கு 2,16,000 நொடி, சரியாக 60 மணி. ஷாட் எண்ணிக்கை கூடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உருக்கிய பிளாஸ்டிக் அதே அளவு, இன்ஜெக்‌ஷன் அதே அளவு, மோல்டு திறந்து மூடியதும் அதே தடவைதான். கூடியது பீஸ் மோல்டுக்குள் ஆறுவதற்காக மெஷின் சும்மா காத்திருந்த நேரம் மட்டும்.

அப்படிக் காத்திருக்கும்போது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது பம்ப்பைப் பொறுத்தது. பழைய ஃபிக்ஸட் பம்ப் மெஷினில் கூலிங் நேரத்திலும் மோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், சிக்னலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற லாரி மாதிரி. சர்வோ மெஷினில் மோட்டார் கிட்டத்தட்ட நின்றுவிடும், பேரலைச் சூடாக வைக்கிற ஹீட்டரும் கன்ட்ரோலும் மட்டும் கொஞ்சம் இழுக்கும். உங்களுடையது சர்வோ. 60 கூடுதல் மணிக்கு 600 யூனிட் ஆகும் என்று ஸ்டாண்டர்ட் சொன்னது. உண்மையில் கூடியது 150 யூனிட், மணிக்கு 2.5. பழைய மெஷினில் போட்ட மணி ரேட்டை, சர்வோவுக்கு மாறிய பிறகும் புது மீட்டர் ரீடிங்படி சராசரியை மட்டும் குறைத்துவிட்டு அப்படியே தொடர்கிறவர்கள் நிறைய. சராசரி சரியாக இருக்கும், ஆனால் செலவு எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பது மாறிப்போயிருக்கும். சைக்கிள் டைம் ஸ்டாண்டர்டை ஒட்டி ஓடுகிற மாதங்களில் அது வெளியே தெரியாது. இந்த மாதிரி மாதத்தில்தான் தெரியும்.

இதே 60 மணி வேறு காரணத்தால் வந்திருந்தால் கதையே வேறு. சைக்கிள் 36 நொடியிலேயே இருந்து, ஷார்ட் மோல்டும் ஃபிளாஷும் வந்து 12,000 பீஸ் ரிஜெக்ட் ஆனது என்று வையுங்கள். அப்போது 66,000 ஷாட் அடித்திருப்பீர்கள். நல்ல பீஸ் அதே 1,20,000, மணி அதே 660, எஃபிஷியன்ஸி வேரியன்ஸும் அதே ₹7,200. ஆனால் கரண்ட் உண்மையிலேயே 6,600 யூனிட்டை ஒட்டி வந்திருக்கும், ஸ்ப்ரேயும் பத்து சதவீதம் கூடியிருக்கும். அந்த ₹7,200 நிஜமான ரூபாய். உங்கள் ₹7,200-இல் நிஜம் மிகக் குறைவு: 150 யூனிட்டுக்கு ₹1,200, ஸ்ப்ரே ஆயில் வகையில் ஸ்டாண்டர்டுக்கு மேல் போன ₹240, மொத்தம் ₹1,440. மீதி ₹5,760 எக்ஸ்பெண்டிச்சர் பக்கம் சாதகமாகத் திரும்பி வந்து, ₹2,460 விலை ஏற்றத்தை விழுங்கிவிட்டு, மிச்சம் ₹3,300 ஆக நிற்கிறது.

ஆகவே ரிப்போர்ட்டை மேலே அனுப்பும் முன் ஷாட் கவுண்டரைப் பாருங்கள். மெஷின் ஸ்கிரீனிலேயே ஷாட் எண்ணிக்கையும் சைக்கிள் டைமும் இருக்கும். மணி கூடி ஷாட்டும் கூடியிருந்தால் ரிஜெக்ட். ஷாட் கூடாமல் சைக்கிள் நீண்டிருந்தால் கூலிங், மெட்டீரியல், அல்லது ஆபரேட்டர் கதவு திறந்து பீஸ் எடுக்கிற நேரம். இரண்டுமே இல்லாமல் மணி மட்டும் கூடியிருந்தால் மோல்டு மாற்றும் நேரமோ பிரேக்டவுனோ மெஷின் ஹவருக்குள் நுழைந்திருக்கிறது. இந்த மூன்றாவது அடிக்கடி நடக்கும். ஸ்டாண்டர்ட் மணியை சைக்கிள் டைமிலிருந்து போட்டுவிட்டு, ஆன மணியை ஷிஃப்ட் ரெஜிஸ்டரிலிருந்து எடுப்பார்கள். ரெஜிஸ்டரில் எட்டு மணி ஷிஃப்ட் எட்டு மணியாகவே இருக்கும். அப்படி எடுத்தால் ஒவ்வொரு மாதமும் எஃபிஷியன்ஸி பாதகமாகத்தான் வரும்.

இன்னொன்று, கரண்ட் பில்லில் கேவிஏ கணக்கில் வரும் டிமாண்ட் சார்ஜை இந்த ₹8-க்குள் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். மெஷின் 600 மணி ஓடினாலும் 660 மணி ஓடினாலும் அது மாறாது, அது ஃபிக்ஸட் ஓவர்ஹெட். பீக் நேரத்துக்கான கூடுதல் கட்டணம் யூனிட்டோடு போகிறது, அது இங்கே இருக்கலாம். உங்கள் 40 பைசா ஏற்றமே சில்லர் பிரச்சினையால் வேலை இழுத்துக்கொண்டு பீக் நேரத்தில் ஓடியதால் வந்ததா, டாரிஃபே ஏறியதா என்று பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பர்சேஸோ மின்வாரியமோ இல்லை.

அடுத்த மாதத்துக்கு கரண்ட் ஸ்டாண்டர்டை இரண்டாக உடைக்கலாம். ஒரு மணி நேரம் ஹீட்டரையும் பம்பையும் ஆன் செய்து ஷாட் அடிக்காமல் விட்டு சப்-மீட்டரைப் படியுங்கள், சும்மா இருக்கும்போது இழுப்பது தெரிந்துவிடும். 2.5 யூனிட் என்றே வந்தால், 600 மணிக்கு அது 1,500. ஸ்டாண்டர்டின் 6,000-இல் மீதி 4,500 யூனிட் 60,000 ஷாட்டுக்கு, ஷாட் ஒன்றுக்கு 0.075. மற்ற ₹40-ஐ ஷாட்டுக்கு 40 பைசா என்று மாற்றுங்கள். இப்போது போன மாதத்தைத் திரும்பப் போட்டால் 660 மணி, 60,000 ஷாட்டுக்கு அனுமதி 6,150 யூனிட், அதாவது ₹49,200. ஆனது ₹51,660. விலை ஏற்றம் ₹2,460 தெளிவாகப் பாதகமாக நிற்கும். கூடுதல் 60 மணிக்கு ₹1,200, ஸ்ப்ரே வகையில் ₹240. கூட்டினால் அதே ₹3,900. எல்லா மெஷினுக்கும் இப்படிச் செய்ய வேண்டாம், சப்-மீட்டர் இருக்கிற பெரிய மெஷின்களுக்குப் போதும். பழைய ஃபிக்ஸட் பம்ப் மெஷின்களுக்கு மணி ரேட்டே கிட்டத்தட்ட பொருந்தும்.

சில்லரை ரிப்பேர் செய்ய மேனேஜ்மென்டிடம் பணம் கேட்கப் போகிறீர்கள் என்றால் ₹7,200-ஐயும் காட்டாதீர்கள், ₹1,440-ஐயும் காட்டாதீர்கள். அந்த 60 மணியில் மணிக்கு 200 வீதம் 12,000 பீஸ் ஓட்டியிருக்கலாம். ஆர்டர் காத்திருந்தது என்றால் அந்த 12,000 பீஸின் கான்ட்ரிபியூஷன்தான் உண்மையான நஷ்டம், அது ஓவர்ஹெட் வேரியன்ஸ் எதிலும் வராது. ஆர்டர் இல்லாமல் மெஷின் எப்படியும் நிற்கப்போகிறது என்றால் ₹1,440 மட்டும்தான், அதை வைத்து சில்லருக்குப் பணம் வாங்குவது கஷ்டம்.