பதினான்கு ஸ்லைடும் ஒரு மருத்துவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் இயற்கை ஆர்வலர் குழுவின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்காகப் பாம்புக்கடி சிகிச்சையில் அனுபவமுள்ள ஒரு மருத்துவரை நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தேன். ஸ்லைடுக்கு ஒரு கேள்வி என்று பிரித்ததில் பதினான்கு ஸ்லைடு வந்தது. பதில்களைச் சுருக்கி அனுப்பினால், “நான் இப்படிச் சொல்லவில்லையே” என்கிறார் மருத்துவர். சுருக்காவிட்டால் எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடுகிறது. எங்கே வெட்டுவது? ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.
ர.

அன்புள்ள ர.,

மருத்துவர் சொல்வதுதான் சரி. உங்கள் நான்காவது ஸ்லைடை மட்டும் தனியாக எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேள்வி: “அப்படியானால் பயப்பட வேண்டியதில்லையா?” பதில்: “பெரும்பாலும் தேவையில்லை. நம் ஊரில் கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை.”

“ஆனால் கட்டுவிரியன் விஷயம் வேறு” என்று அவர் தொடர்ந்தது ஐந்தாவது ஸ்லைடில் இருக்கிறது. பேட்டியில் அது ஒரே மூச்சில் வந்த பேச்சு. நீங்கள் நடுவில் கத்தி வைத்துவிட்டீர்கள். நான்காவதை மட்டும் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால், பாம்பு கடித்தவரை வீட்டிலேயே படுக்கவைக்கச் சொல்லும் மருத்துவர் ஆகிவிடுகிறார் அவர். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், இன்ஸ்டாகிராமே போதும்: முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்துபோனவருக்கு அதே பதிவைப் பின்னர் இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டும் வழக்கம் அதற்கு உண்டு. வரிசையை நம்பி எழுதிய பேட்டி அங்கேயே உடைந்துபோகும்.

பதிலை வெட்டுவதற்கு முன் கேள்வியை மாற்றுங்கள். கேள்வி நம்முடையது, அதில் கைவைக்க நமக்கு உரிமை இருக்கிறது. பதில் அவருடையது. “அப்படியானால்”, “அதற்குப் பிறகு”, “அது ஏன்” என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் முந்தைய ஸ்லைடின் தோளில் ஏறி நிற்பது. பதிலில் இடத்தை அடைக்கும் சூழலையும் நிபந்தனையையும் கேள்விக்குள் ஏற்றிவிட்டால் பதில் தானாகவே சுருங்கும். நான்கையும் ஐந்தையும் சேர்த்து, அவருடைய பதில்களில் இருக்கும் சொற்களைக் கொண்டே நான் இப்படி ஆக்கினேன்:

கேள்வி: “பாம்பு கடித்த இடத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. வீட்டிலேயே இருக்கலாமா?”

பதில்: “கூடாது. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமலே இருக்கலாம். சில மணி நேரம் கழித்து இமை சரியும், பேச்சு குழறும், மூச்சு திணறும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.”

“பல விஷமற்றவை” என்ற தகவல் விழுந்துவிட்டது. விழட்டும். அது உண்மைதான், ஆனால் கடிபட்டவர் கையில் அது ஆபத்தான உண்மை. பதிலின் முதல் சொல் “கூடாது” என்று நிற்பதையும் கவனியுங்கள். “சில நேரங்களில்”, “பொதுவாக” என்று தொடங்கும் பதிலை அவசரத்தில் இருப்பவர் இறுதிவரை படிக்கமாட்டார்.

அளவு பற்றி: 1080-க்கு 1350 பிக்சல் ஸ்லைடில் தமிழில் பதிலுக்கு முப்பது சொல் வசதியாக அமரும். நம் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று நான்குதான் வரும். அதைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்காமல் கேள்வியை இரண்டாக உடையுங்கள்; ஆனால் “ஆனால்” இருக்கும் இடத்தில் மட்டும் உடைக்காதீர்கள். கணினித் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கைப்பேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

இப்போது இருபது ஸ்லைடு வரை போடலாம் என்பதால் பதினான்கு அதிகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுடையதில் இரண்டு பேட்டிகள் இருக்கின்றன. வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுப்பது, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்து தயாராவது பற்றிய ஐந்து ஸ்லைடுகள் எனக்கு மிகவும் பிடித்தன. அவற்றை வேறொரு நாள் தனியாக வெளியிடுங்கள். முதலுதவியோடு கலந்தால் இரண்டும் கெடும். மீதி ஒன்பதில் “இறுக்கிக் கட்டலாமா, கீறலாமா, உறிஞ்சலாமா?” என்பது இரண்டாவது ஸ்லைடாக வரட்டும், மூன்றுமே கூடாது என்ற பதில் முதலில் கண்ணில் பட வேண்டியது. அடிபட்ட எலும்பைப் போல அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைக்கச் சொல்கிறாரே, அதையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். “செய்யாதே” என்று மட்டும் சொன்னால் மக்கள் சும்மா இருக்கமாட்டார்கள், எதையாவது செய்வார்கள்.

மருத்துவரின் ஒப்புதலை வேர்டு கோப்பில் வாங்காதீர்கள். வெளியிட்ட பிறகு ஸ்லைடுக்குள் இருக்கும் எழுத்தைத் திருத்த வழியில்லை, அந்த ஸ்லைடை நீக்கத்தான் முடியும். அதனால் முடிந்த படங்களையே, வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஏழாவதை முதலில் பார்த்து அவர் முகம் சுளித்தால் அந்த ஸ்லைடு இன்னும் தனியாக நிற்கவில்லை. ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் அவர் பெயரும் மாதமும் ஆண்டும் சிறிதாக இருக்கட்டும்.